லீஸ் காரை நடுவில் திருப்பிக் கொடுப்பது: அமெரிக்காவில் ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிக்க என்ன செலவாகும், எப்படிக் குறைக்கலாம்

நியூ ஜெர்சியில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வேலை போனது. எச்-1பி விசாவில் இருந்தார். வேலை போன நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள்தான் நாட்டில் இருக்கலாம். தங்கும் அனுமதியைக் காட்டும் ஐ-94 பதிவு அதற்கு முன்பே முடிந்தால் அந்தத் தேதி வரைதான். புது வேலை கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்புவது என்று முடிவு செய்துவிட்டு, அன்று மாலை எனக்குப் போன் செய்தார். வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளி எல்லாம் பேசிவிட்டுக் கடைசியாகக் கேட்டார்: "கார் லீஸ்ல இருக்குங்க. சாவிய டீலர்கிட்ட குடுத்துட்டா முடிஞ்சுதுல்ல?"

முடியாது. அவருக்கு 36 மாத லீஸில் 16 மாதம்தான் ஓடியிருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியிருந்தால் நான்காயிரம் டாலருக்கு மேல் பில் வந்திருக்கும். அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதைக் குறைக்க என்னென்ன வழி, எந்த வழி எப்போது உதவும் என்பதை அவருடைய காரை வைத்தே சொல்கிறேன். கணக்குப் போட வசதியாகத் தொகைகளைக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன்.

லீஸில் நீங்கள் எதற்குப் பணம் கட்டுகிறீர்கள்

காரின் சொந்தக்காரர் லீஸ் நிறுவனம். டீலர் ஆரம்பத்தில் கையெழுத்து வாங்கியவர் மட்டும்தான். ஒப்பந்தம் அன்றே லீஸ் நிறுவனத்தின் கைக்குப் போய்விடுகிறது. அதனால் "டீலர் சரின்னு சொல்லிட்டார்" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. நீங்கள் பேச வேண்டியது மாதாமாதம் பணம் கட்டும் நிறுவனத்தோடு.

நண்பரின் ஒப்பந்தத்தில் காரின் விலை, கட்டணங்கள், வரி எல்லாம் சேர்த்து, முன்பணம் கழித்து நின்ற தொகை 34,000 டாலர். இதை அட்ஜஸ்டட் கேப் காஸ்ட் என்பார்கள். 36 மாதம் கழித்துக் கார் என்ன விலை போகும் என்று நிறுவனம் முதலிலேயே குறித்து வைத்தது 20,500. இதுதான் ரெசிடுவல், அதாவது எச்ச மதிப்பு. நடுவில் உள்ள 13,500 டாலர் தேய்மானத்தை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 375. இதன் மேல் வட்டி போல ஒன்று உண்டு. லீஸில் அதற்கு ரென்ட் சார்ஜ் என்று பெயர். மனி ஃபாக்டர் 0.0025 என்றிருந்தது. அதை 2,400-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய ஆண்டு வட்டி விகிதம் வரும்: இங்கே 6 சதவீதம். ரென்ட் சார்ஜ் மாதம் 136.25. ஆக மாதத் தவணை 511.25 டாலர்.

புதுக் கார் முதல் வருடத்தில் வேகமாக விலை இறங்கும். உங்கள் தவணையோ மாதாமாதம் ஒரே அளவு. ஆகவே லீஸின் முதல் பாதியில் காரின் உண்மையான விலை, நீங்கள் நிறுவனத்துக்குத் தர வேண்டிய நிலுவையைவிடக் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும். நடுவில் முறிக்கும்போது வரும் பில்லில் பெரும்பங்கு இந்த இடைவெளிதான். நிறுவனம் கோபத்தில் போடும் அபராதம் என்று பலர் நினைக்கிறார்கள். அபராதம் என்று சொல்லத்தக்க பகுதி பொதுவாகச் சில நூறு டாலர்தான்.

படி 1: ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைத் தேடுங்கள்

அமெரிக்காவில் தனிநபர் வாகன லீஸ்களுக்கு 1976-இல் வந்த கன்ஸ்யூமர் லீசிங் சட்டமும், அதன்கீழ் உள்ள ரெகுலேஷன் எம் விதிகளும் பொருந்தும். அந்த விதிகளால்தான் உங்கள் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது: லீஸை முன்கூட்டியே முடித்தால் கணிசமான கட்டணம் கட்ட நேரலாம், அது பல ஆயிரம் டாலர் வரை போகலாம், எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறீர்களோ அவ்வளவு அதிகமாக இருக்கும். கையெழுத்துப் போடும் நாளில் யாரும் அதைப் படிப்பதில்லை.

அந்தக் கட்டத்தில் எண் இருக்காது. சூத்திரம் உள்பக்கங்களில், எர்லி டெர்மினேஷன் என்ற தலைப்பின்கீழ் இருக்கும். அங்கே மூன்று சொற்களைப் பாருங்கள்: அட்ஜஸ்டட் லீஸ் பேலன்ஸ், ரியலைஸ்டு வேல்யூ, டிஸ்பொசிஷன் ஃபீ. நிலுவை எவ்வளவு, காரை விற்றால் என்ன வரும், விற்பதற்கான கைக்கட்டணம் எவ்வளவு என்பவை இவை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து மூன்றாவதைக் கூட்டுவதே பெரும்பாலான ஒப்பந்தங்களின் சூத்திரம். சில ஒப்பந்தங்களில் இதற்கு மேல்வரம்பு ஒன்றும் உண்டு: இந்தக் கணக்கில் வரும் தொகை, மிச்சமுள்ள தவணைகளின் கூட்டுத்தொகை, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். உங்களுடையதில் அந்த வரி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

இரண்டாவது இடம், டிரான்ஸ்ஃபர் அல்லது அசைன்மென்ட் பற்றிய பகுதி. லீஸை வேறொருவர் பெயருக்கு மாற்றலாமா என்பது அங்கேதான். "எங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் கூடாது" என்று இருந்தால், சம்மதம் கேட்கலாம் என்று பொருள். அறவே கூடாது என்றிருந்தால் அந்தக் கதவு மூடியது.

படி 2: நிலுவையை நீங்களே கணக்கிடுங்கள்

நிறுவனத்திடம் கேட்டாலே சொல்வார்கள். ஆனால் நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் அவர்கள் சொல்வது சரியா என்று தெரியும். நண்பருக்கு 20 தவணை பாக்கி. 20 × 511.25 = 10,225 டாலர். அதோடு எச்ச மதிப்பு 20,500 சேர்த்தால் 30,725.

ஆனால் இதில் இன்னும் ஓடாத 20 மாதங்களுக்கான ரென்ட் சார்ஜும் கலந்திருக்கிறது. நாளைக்குக் கொடுக்க வேண்டிய வட்டியை இன்றைக்கே வாங்க முடியாது. பெரும்பாலான ஒப்பந்தங்கள் இதைக் கழிக்கும் முறையையும் சொல்லியிருக்கும். கான்ஸ்டன்ட் யீல்டு அல்லது ஆக்சுவேரியல் முறை என்று பெயர் வரும். வீட்டுக்கடனில் அசல் குறையும் விதம்தான் அது. நண்பரின் கணக்கில் இன்னும் ஓடாத ரென்ட் சார்ஜ் சுமார் 2,425. கழித்தால் நிலுவை 28,300.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மாதம் 136.25 வீதம் 20 மாதம் என்று பெருக்கி 2,725-ஐக் கழித்துவிட்டு, நிறுவனம் 300 டாலர் கூடுதலாகக் கேட்கிறது என்று சண்டைக்குப் போகிறார்கள். ரென்ட் சார்ஜ் எல்லா மாதமும் சமமாக ஓடுவதில்லை. நிலுவை பெரிதாக இருக்கும் ஆரம்ப மாதங்களில் அதிகம், கடைசி மாதங்களில் குறைவு. ஆகவே சில நூறு டாலர் வித்தியாசம் இயல்பு. ஆயிரத்தைத் தாண்டினால் மட்டும் விளக்கம் கேளுங்கள்.

எக்செல் தெரிந்தவர்கள் இப்படிப் போடலாம். தவணை மாதத் தொடக்கத்தில் கட்டுவது என்பதால் கடைசியில் 1 வருகிறது:

```
=PV(RATE(36,-511.25,34000,-20500,1),20,-511.25,-20500,1)
```

படி 3: திருப்பிக் கொடுத்தால் வரும் பில்

சாவியைக் கொடுத்துவிட்டால் நிறுவனம் காரை மொத்த வியாபாரிகளின் ஏலத்துக்கு அனுப்பும். அங்கே வாங்குபவர்கள் டீலர்கள். அவர்கள் லாபம் வைத்து விற்க வேண்டும் என்பதால் சில்லறை விலைக்குக் கீழேதான் கேட்பார்கள். நண்பரின் கார் ஏலத்தில் 24,600 போகும் என்று மதிப்பிட்டோம். 28,300 − 24,600 = 3,700. டிஸ்பொசிஷன் ஃபீ 395. மொத்தம் 4,095 டாலர். மிச்சத் தவணையான 10,225-ஐவிட இது குறைவு என்பதால் மேல்வரம்பு இங்கே உதவவில்லை.

காரைக் கொடுக்கும் நாளில் இந்தத் தொகை உங்களுக்குத் தெரியாது என்பதுதான் தொல்லை. ஏலம் முடிந்த பிறகே பில் வரும். கார் 23,000-க்குத்தான் போனது என்று அவர்கள் சொன்னால், ஊரில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வது?

இதற்கு ரெகுலேஷன் எம் ஒரு உரிமை கொடுக்கிறது. அதிகம் பேருக்குத் தெரியாது. முன்கூட்டி முடிக்கும்போது உங்கள் கட்டணம் காரின் ரியலைஸ்டு வேல்யூவை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்றால், உங்கள் செலவில் ஒரு சுதந்திரமான மதிப்பீட்டாளரை வைத்துக் காரை மதிப்பிடச் சொல்லலாம். அந்த மதிப்பீட்டாளரை இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சொல்லும் மதிப்பு இருவரையும் கட்டுப்படுத்தும். கார் கைமாறிய பிறகு இதைக் கேட்பது சிரமம், ஆகவே திருப்பிக் கொடுக்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். மதிப்பீட்டுக்குச் செலவாகும் சில நூறு டாலர், ஆயிரக்கணக்கில் இடைவெளி இருக்கும்போதுதான் கட்டுப்படியாகும்.

அதே சட்டம், முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் நிறுவனத்துக்கு ஏற்படும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சாதாரணச் சூத்திரத்தை இதை வைத்து உடைக்க முடியாது. ஆனால் மிச்சத் தவணை முழுவதையும் வாங்கிக்கொண்டு, காரையும் எடுத்துக்கொண்டு, விற்ற பணத்தையும் கணக்கில் காட்டாமல் விட்டால், அப்போது இந்த வரியைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதலாம்.

இன்னொன்று: ஒதுக்கிய மைலுக்கு மேல் ஓட்டியதற்கும், கீறல் நசுங்கலுக்கும் தனியாகப் பில் போடுவார்களா? ஏல விலையை வைத்துக் கணக்கிடும்போது அந்தக் குறைகள் விலையிலேயே இறங்கிவிடுகின்றன. மறுபடி தனியாக வாங்கினால் ஒரே குறைக்கு இரண்டு தடவை காசு கொடுக்கிறீர்கள். பல ஒப்பந்தங்களில் இந்தச் சூழலில் தனிக் கட்டணம் கிடையாது. உங்களுடையதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

படி 4: இரண்டு பே-ஆஃப் தொகைகளைக் கேளுங்கள்

திருப்பிக் கொடுப்பதைவிட, காரை யாராவது நல்ல விலைக்கு வாங்கி அந்தப் பணத்தில் நிலுவையை அடைத்தால் லாபம். ஏலத்தில் 24,600 போகும் கார், ஒரு டீலர் தன் கடையில் நிறுத்தி விற்க வாங்கினால் ஓராயிரம் இரண்டாயிரம் அதிகம் போகலாம்.

பே-ஆஃப் என்பது லீஸை முழுதாக அடைத்து முடிக்கும் தொகை. லீஸ் நிறுவனத்தைக் கூப்பிட்டு இரண்டு தொகைகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். நானே வாங்கினால் எவ்வளவு? டீலர் வாங்கினால் எவ்வளவு? இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கூடவே மூன்றாவது கேள்வி: எந்த டீலர் வேண்டுமானாலும் வாங்கலாமா, உங்கள் பிராண்டு டீலர் மட்டும்தானா? 2021 வாக்கில் பழைய கார் விலை ஏறியபோது, கார் கம்பெனிகளின் சொந்த லீஸ் நிறுவனங்கள் பல, வெளி ஆட்கள் நேரடியாக வாங்குவதை நிறுத்திவிட்டன. பழைய கார் வாங்கி விற்கும் கார்மேக்ஸ், கார்வானா போன்ற இடங்களில் நல்ல விலை சொன்னாலும் லீஸ் நிறுவனம் அவர்களுக்கு விற்காது. உங்கள் நிறுவனத்தின் இன்றைய விதி என்ன என்பதைப் போனில் கேட்டு, மின்னஞ்சலிலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நண்பரின் நிறுவனமும் அப்படித்தான். அதே பிராண்டின் மூன்று டீலர்களிடம் காரைக் காட்டினோம். முதலில் சொன்ன விலைக்கும் கடைசியில் சொன்ன விலைக்கும் 1,400 டாலர் வித்தியாசம். ஆகவே ஒரே டீலரோடு நிற்காதீர்கள். அதிகம் சொன்னவர் 25,800. நிலுவை 28,300 போக, 2,500 டாலர் கையிலிருந்து கட்ட வேண்டும். டிஸ்பொசிஷன் ஃபீ இல்லை, ஒரு வாரத்தில் முடியும், பிறகு எந்தப் பில்லும் வராது. திருப்பிக் கொடுப்பதைவிட 1,595 மிச்சம்.

வெளியே பழைய கார் வாங்கும் நிறுவனம் ஒன்று 27,200 தருவதாகச் சொன்னது. அதற்கு நண்பரே முதலில் காரை வாங்கி, பிறகு விற்க வேண்டும். நிலுவை 28,300, வாங்கும் கட்டணம் 300, நியூ ஜெர்சி விற்பனை வரி 6.625 சதவீதம் என்பதால் சுமார் 1,895. ஆக 30,495 கொடுத்து 27,200 வாங்கினால் நஷ்டம் 3,295. போதாததற்கு அவ்வளவு பணத்தைக் கையில் புரட்ட வேண்டும், டைட்டில் பத்திரம் தன் பெயரில் வரும் வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 27,200 என்ற எண்ணைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விற்பனை வரியே இல்லாத ஆரிகன் போன்ற மாநிலத்தில் இதே வழி டீலரைவிட நல்லதாக இருந்திருக்கும்.

படி 5: லீஸை இன்னொருவருக்கு மாற்றுவது

மாற்றம் என்றால், மிச்சமுள்ள 20 தவணையையும் காரையும் வேறொருவர் அதே நிபந்தனைகளோடு ஏற்றுக்கொள்வது. நிறுவனம் அவருடைய கிரெடிட்டைச் சரிபார்த்துச் சம்மதிக்க வேண்டும். காரின் சந்தை விலை இந்தப் பேச்சில் வருவதே இல்லை என்பதுதான் இதன் பலம். 28,300-க்கும் 25,800-க்கும் உள்ள பள்ளத்தை யாரும் நிரப்ப வேண்டியதில்லை.

ஆள் எங்கே கிடைப்பார்? ஸ்வாப்பலீஸ், லீஸ்ட்ரேடர் ஆகிய தளங்கள் இதற்கென்றே இருக்கின்றன. விளம்பரக் கட்டணம் உண்டு. தேடுபவர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடம் மட்டும் கார் வேண்டியவர்கள், முன்பணம் கட்ட விரும்பாதவர்கள். அவர்கள் பார்ப்பது இரண்டே விஷயம்: மாதம் எவ்வளவு, எவ்வளவு மைல் மிச்சம்.

மைல் விஷயத்தில் நண்பருக்கு அதிர்ஷ்டம். ஒப்பந்தம் வருடத்துக்கு 12,000 மைல், மூன்று வருடத்துக்கு 36,000. அவர் ஓட்டியது 13,400-தான். மிச்சம் 22,600, அதாவது 20 மாதத்துக்கு மாதம் 1,130 மைல். விளம்பரத்தில் முதல் வரியிலேயே அதைப் போட்டோம். நீங்கள் அதிகம் ஓட்டியிருந்தால் நிலைமை தலைகீழ். மாதம் 500 மைல்தான் மிச்சம் என்ற காரை யாரும் தொடமாட்டார்கள், ஏனென்றால் கூடுதல் மைல் ஒவ்வொன்றுக்கும் கடைசியில் அவர்தான் கட்ட வேண்டும்.

தவணையைக் குறைக்க முடியாது, ஒப்பந்தம் அப்படியே போகிறது. ஆனால் ஏற்பவருக்கு நீங்கள் கையில் ஒரு தொகை கொடுக்கலாம். ஆயிரம் டாலர் கொடுத்தால், 20 மாதத்துக்குப் பிரித்துப் பார்க்கும்போது அவருக்குத் தவணை 461.25 மாதிரி இருக்கும். அதே காரைப் புதிதாக லீஸ் எடுத்தால் டீலர் இன்று என்ன கேட்கிறார் என்று பார்த்து, அதற்குக் கீழே வரும்படி இந்தத் தொகையை வையுங்கள். முதல் வாரம் எதுவும் கொடுக்காமல் போட்டுப் பார்த்தோம், ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆயிரம் என்று போட்ட இரண்டாம் நாளே மூன்று பேர் எழுதினார்கள்.

இந்தப் பணத்தை எப்போது கொடுப்பது என்பதில் கவனம் தேவை. மாற்றம் முடிந்தது என்று நிறுவனத்தின் கடிதம் வரும் நாளில் கொடுங்கள். அதற்கு முன் கொடுத்துவிட்டு, கிரெடிட் சரியில்லை என்று நிறுவனம் மறுத்தால் திரும்ப வாங்குவது கஷ்டம். கிரெடிட் விண்ணப்பத்தை ஏற்பவரே நேரடியாக லீஸ் நிறுவனத்திடம் போடட்டும். அவருடைய சோஷியல் செக்யூரிட்டி எண் உங்கள் கைக்கு வரவே வேண்டாம்.

மாற்றத்துக்குச் சம்மதிக்கும் முன் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் மறக்காதீர்கள்: "மாற்றிய பிறகு என் பொறுப்பு முழுவதும் முடிகிறதா?" சில நிறுவனங்கள் உங்களை முழுமையாக விடுவிக்கும். வேறு சில, புதியவர் கட்டத் தவறினால் உங்களைத் தேடி வரும்படி பழைய ஒப்பந்தத்தில் உங்கள் பெயரையும் வைத்திருக்கும். இரண்டாவது வகை என்றால், முகம் தெரியாத ஒருவருக்கு 20 மாதம் ஜாமீன் நிற்கிறீர்கள். நாட்டைவிட்டுப் போகிறவர் அதற்குச் சம்மதிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தச் சூழலில் டீலரிடம் 2,500 கட்டி முடிப்பதையே சொல்வேன்.

சில நிறுவனங்கள் ஆரம்ப மாதங்களிலும் கடைசி மாதங்களிலும் மாற்றத்தை அனுமதிப்பதில்லை. ஏற்பவர் அதே மாநிலத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. விளம்பரத்துக்குக் காசு கட்டுவதற்கு முன் இதையெல்லாம் கேட்டுவிடுங்கள்.

நண்பரின் நிறுவனம் முழுமையாக விடுவிப்பதாக எழுதிக் கொடுத்தது. மாற்றக் கட்டணம் 500, விளம்பரம் 150, ஏற்பவருக்கு 1,000, காத்திருந்த நாள்களில் போன ஒரு தவணை 511.25. மொத்தம் 2,161 டாலர். டீலர் வழியைவிட 340 டாலர்தான் குறைவு. அந்த 340-க்காக ஐந்து வாரம் அலைந்தது சரியா என்று கேட்டால், அந்த ஐந்து வாரமும் வேலை தேட, வீட்டைக் காலி செய்ய அவருக்குக் கார் கையில் இருந்தது என்பேன்.

வாட்ஸாப் குழுவில் சொல்லும் வழி

"கார நான் ஓட்டிக்கிறேன் அண்ணா, மாசாமாசம் உங்க அக்கவுண்ட்ல பணம் போட்டுடறேன்." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். லீஸ் ஒப்பந்தங்கள் காரை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடுவதைத் தடுக்கின்றன. இன்சூரன்ஸ் உங்கள் பெயரில், உங்கள் முகவரியில் இருக்கிறது. நீங்கள் அங்கே இல்லை, காரைத் தினமும் ஓட்டுபவர் பாலிசியில் இல்லை என்று தெரிந்தால் விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமிருக்கிறது. வழக்கு வந்தால் உங்கள் பெயரும் அதில் வரலாம். இத்தனைக்கும் அந்தத் தம்பிக்கும் வேலை போகலாம். அவர் உண்மையிலேயே காரை விரும்பினால், அதே ஆளை முறையான மாற்றத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தெரிந்தவருக்கே மாற்றினால் விளம்பரச் செலவும் மிச்சம்.

விமான நிலையத்தில் காரை நிறுத்திவிட்டுப் போகிறவர்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன். அது ஒப்பந்த மீறல். நிறுவனம் காரை எடுத்து, ஏலத்தில் விற்று, எடுத்த செலவையும் சேர்த்துப் பாக்கியை வசூல் ஏஜென்சிக்குக் கொடுக்கும். கிரெடிட் அறிக்கையில் அந்தக் கறை ஏழு வருடம் நிற்கும். மறுபடி அமெரிக்கா வரும் நாளில் வீடு வாடகைக்கு எடுக்கக்கூட அது குறுக்கே வரும்.

வேலை மாறியோ ஊர் மாறியோ அமெரிக்காவிலேயே இருப்பவர்களுக்கு டீலர் ஒரு யோசனை சொல்வார்: பழைய லீஸின் பாக்கியைப் புது லீஸில் சேர்த்துவிடலாம் என்று. 2,500 டாலர் மறைவதில்லை, புதுக் காரின் தவணைக்குள் வட்டியோடு ஒளிந்துகொள்கிறது. அடுத்த முறை பள்ளம் இன்னும் ஆழமாகும். அதே பிராண்டில் புதுக் கார் எடுத்தால் கடைசிச் சில தவணைகளை நிறுவனமே தள்ளுபடி செய்யும் புல்-அஹெட் சலுகை வேறு. அது கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு இன்னும் மூன்று நான்கு தவணைதான் பாக்கி என்றால் இந்த அலைச்சல் எதுவும் வேண்டாம். கட்டி முடித்து, ஒப்பந்த முடிவில் திருப்பிக் கொடுங்கள்.

படி 6: 60 நாளை எப்படிப் பிரிப்பது

முதல் மூன்று நாளில் ஒப்பந்தத்தைப் படித்து, பே-ஆஃப் தொகைகளையும் மாற்ற விதிகளையும் எழுத்தில் வாங்குங்கள். முதல் வாரத்திலேயே மூன்று டீலர்களிடம் விலை கேளுங்கள். அதில் அதிகமானதுதான் உங்கள் அடித்தளம்: வேறு எதுவும் நடக்காவிட்டால் அந்த விலைக்குக் கொடுப்பீர்கள். டீலர் சொல்லும் விலை ஒரு வாரம் போலத்தான் நிற்கும், ஆகவே கடைசியில் மறுபடி கேட்க வேண்டிவரும்.

அந்த வாரமே மாற்ற விளம்பரத்தையும் போடுங்கள். ஆள் கிடைக்க இரண்டு மூன்று வாரம், நிறுவனம் சரிபார்த்துத் தாள் அனுப்ப இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35-ஆம் நாள் வரை விண்ணப்பம் போட்ட ஆள் ஒருவர்கூட இல்லையென்றால் மாற்றத்தைக் கைவிட்டு டீலரிடம் போங்கள். நண்பருக்கு 41-ஆம் நாள் சம்மதக் கடிதம் வந்தது. எல்லாம் முடியும் வரை தவணையை நிறுத்தாதீர்கள்; தவணை தவறிய கணக்கை மாற்ற நிறுவனம் சம்மதிக்காது.

கார் கைமாறும் நாளில் ஓடோமீட்டரை, நான்கு பக்கத்தை, டயர்களை, உட்புறத்தைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். ஏற்பவரோடு ஓடோமீட்டர் எண்ணை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். டோலுக்கான ஈசிபாஸ் பெட்டியைக் கழற்றி, கணக்கிலிருந்து காரை நீக்குங்கள். நியூ ஜெர்சியில் நம்பர் பிளேட்டை மோட்டார் வெஹிக்கிள் கமிஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிய பிறகே இன்சூரன்ஸை நிறுத்த வேண்டும். முன்னால் நிறுத்தினால் பதிவு இடைநிறுத்தம் வரை போகலாம்.

ஆரம்பத்தில் டீலர் தலையில் கட்டிய கூடுதல் வாரண்டி, டயர் காப்புத் திட்டம், முன்பணம் கட்டிய சர்வீஸ் பேக்கேஜ் ஏதாவது இருந்தால் அவற்றை ரத்து செய்ய எழுதுங்கள். மிச்சக் காலத்துக்கான பணம் பெரும்பாலும் திரும்ப வரும். நண்பருக்கு இப்படி 430 டாலர் வந்தது. காசோலையாக, சென்னைக்குப் போய் இரண்டு மாதம் கழித்து, எடிசனில் இருக்கும் என் முகவரிக்கு. அமெரிக்க வங்கிக் கணக்கை அதுவரை மூடாமல் வைத்திருந்ததால்தான் அதைப் போட முடிந்தது.